பிரதிபலிப்புக் குறிப்பேடு: பின்னங்களை ஒப்பிடுதல் (ஐந்தாம் வகுப்பு, கணிதம்) – திருத்தி எழுதிய பதிவு

இப்பதிவின் முதல் வடிவம், "தொடக்கத்தில் மாணவர்கள் கவனக்குறைவால் தவறாகச் சொன்னாலும், பாட முடிவில் அனைவரும் நன்றாகப் புரிந்துகொண்டனர், எனவே இப்பாடம் ஆக்கக் கற்றல் கோட்பாட்டின்படி அமைந்தது" என்று முடிந்திருந்தது. அவ்வரியின் அருகே வழிகாட்டி விரிவுரையாளர், "புரிந்துகொண்டனர் என்பதற்கு வகுப்பில் எது சான்று?" என்று எழுதியிருந்தார். அந்தக் கேள்வியை மனத்தில் கொண்டு, என் பாடக் குறிப்பு, வகுப்பைக் கவனித்த பொறுப்பாசிரியை எழுதித் தந்த குறிப்புகள், 32 மாணவர்களின் ஏடுகள் ஆகியவற்றை அருகருகே வைத்து, நிகழ்ந்தவற்றை மீண்டும் எழுதுகிறேன்.

1/4, 1/6 ஆகிய இரண்டில் எது பெரியது என்று கேட்டதும் பெரும்பாலானோர் 1/6 என்றனர். காரணம் கேட்டபோது முன்வரிசை மாணவன், "ஆறு நாலைவிடப் பெருசு, டீச்சர்" என்றான். மற்றவர்களும் அதையே வேறு சொற்களில் கூறினர். இதனைக் கவனக்குறைவு என்று எழுதியதை இப்போது நீக்குகிறேன். கவனக்குறைவால் வரும் பிழைகள் ஆளுக்கொரு விதமாகச் சிதறியிருக்கும். இங்கோ ஒரே காரணத்தில் பிறந்த ஒரே விடையைப் பலர் சொன்னார்கள். நான்கு ஆண்டுகளாக முழு எண்களைக் கையாண்டு, "பெரிய இலக்கம் பெரிய அளவைக் குறிக்கும்" என்ற அமைப்பை மாணவர்கள் உறுதியாகக் கட்டியிருக்கிறார்கள். பின்னத்தையும் அந்த அமைப்புக்குள்ளேயே பொருத்திக்கொள்கிறார்கள். பியாஜே தன்வயப்படுத்தல் என்று குறிப்பிட்டது இதையே. இன்றைய ஆய்வாளர்கள் இத்தகைய பிழைகளை முழு எண் சாய்வு என்ற பெயரில் விவாதிக்கிறார்கள். இவ்வாறு பார்க்கும்போது மாணவனின் விடை, அவனிடம் ஏற்கெனவே இருக்கும் அறிவின் வெளிப்பாடு. அதனுடன் மோதக்கூடிய ஓர் அனுபவம் கிடைத்தால் மட்டுமே அந்த அமைப்பு மாறும்.

அத்தகைய மோதலுக்காகவே சம நீளமுள்ள காகிதப் பட்டைகளைப் பாடக் குறிப்பில் சேர்த்திருந்தேன். ஆனால் நேரம் போதாது என்று கருதி அவற்றைக் கொடுக்காமல், கேள்விகளால் விடைக்கு அழைத்துச் சென்றேன். பொறுப்பாசிரியையின் குறிப்பிலுள்ள உரையாடலை அப்படியே தருகிறேன்:

"ஒரு பட்டையை நாலு பேருக்குப் பிரிச்சா துண்டு பெருசா இருக்குமா, ஆறு பேருக்குப் பிரிச்சா பெருசா இருக்குமா?"
"நாலு பேருக்கு."
"அப்போ கீழே இருக்கிற எண் பெருசானா, துண்டு எப்படி ஆகும்?"
"சின்னதாகும்."
"அப்போ 1/4, 1/6... எது பெருசு?"
"1/4!"

முதல் வடிவத்தில் இந்த இறுதிக் கூட்டுக்குரலையே புரிதலுக்குச் சான்றாகக் கொண்டிருந்தேன். கேள்விகளை வரிசையாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது: ஒவ்வொரு கேள்வியும் முந்தையதைவிடக் குறுகலானது, கடைசிக் கேள்விக்கு விடை சொல்லப் பின்னம் என்ற கருத்தே தேவையில்லை. ஆசிரியர் குறிப்புகளைக் கூட்டிக்கொண்டே போவதால் மாணவர் செய்யவேண்டிய சிந்தனை மறைந்து விடை மட்டும் எஞ்சும் இந்நிலையைக் கணிதக் கல்வியாளர் கீ புருசோ டோபாஸ் விளைவு என்று அழைத்தார். 1976இல் உட், புரூனர், ராஸ் ஆகியோர் விளக்கிய சாரக்கட்டு உதவியும் பணியை எளிதாக்குவதுதான். எனினும் அதில் ஆசிரியர், மாணவரால் இயலாத பகுதியை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டு, இயலும் பகுதியை அவரிடமே விடுகிறார். என் வகுப்பில் மாணவர்களால் செய்யக்கூடிய பகுதி, அதாவது துண்டுகளை ஒப்பிட்டுத் தாமே முடிவுக்கு வருவது, என் கேள்விகளுக்குள் போய்விட்டது. வைகாட்ஸ்கியின் அண்மை வளர்ச்சி மண்டலம் என்ற கருத்தை முதல் வடிவத்தில் பெயரளவில் சேர்த்திருந்தேன். உதவியோடு மாணவர் எதைச் செய்தார் என்று காட்ட முடிந்தால்தான் அக்கருத்து இங்கே பொருந்தும். மேற்கண்ட உரையாடல் அதைக் காட்டவில்லை.

ஏடுகள் இந்த ஐயத்தை உறுதிப்படுத்துகின்றன. இறுதியில் இரண்டு ஒப்பீடுகளை எழுதச் சொன்னேன். 2/5, 2/7 ஆகியவற்றில் 27 பேர் 2/5 பெரியது என்று சரியாக எழுதினர். 3/4, 5/6 ஆகியவற்றில் 21 பேர் 3/4 பெரியது என்று எழுதினர்; அவர்களில் பலர் தந்த காரணம், "கீழே உள்ள எண் சிறியது, அதனால் பின்னம் பெரியது" என்பதாகும். பழைய விதியின் இடத்தில் அதைத் தலைகீழாக்கிய புதிய விதி அமர்ந்திருக்கிறது. பகுதி துண்டின் அளவையும் தொகுதி துண்டுகளின் எண்ணிக்கையையும் குறிக்கின்றன என்ற உறவு இரண்டு விதிகளிலும் இல்லை. எஞ்சிய 11 பேர் 5/6 என்று சரியாக எழுதியிருந்தாலும், அதை நான் உடனே புரிதலாக எண்ணிவிடக் கூடாது. 5 மூன்றைவிடப் பெரியது, 6 நான்கைவிடப் பெரியது என்ற பழைய முழு எண் சிந்தனையும் இதே விடையைத்தான் தரும். காரணம் எழுதாத ஏடுகளில் இவ்விரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. வளரறி மதிப்பீட்டில் விடையைவிட விடைக்கான காரணம் ஏன் இன்றியமையாதது என்பதை இந்த 11 ஏடுகளே எனக்கு விளக்கின.

அவற்றுள் ஒன்றில் ஒரு மாணவி, "இரண்டிலும் ஒரு துண்டு குறைகிறது. 5/6இல் குறையும் துண்டு சின்னது. அதனால் 5/6 பெரியது" என்று எழுதியிருந்தாள். நான் கற்பிக்காத ஒரு தருக்கம் அது. பகுதியையும் தொகுதியையும் ஒருசேரக் கருதியதால் மட்டுமே அவளால் அங்கே சென்றடைய முடிந்தது. அவளது ஏட்டைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. எனினும் பகுப்பாய்வுக்கு உரிய கேள்வி வேறு: வாய்மொழிப் பகுதி முழுவதும் அவள் ஒருமுறைகூடப் பேசவில்லையே, ஏன்? அவளுடைய இயல்பே காரணம் என்று கூற என்னிடம் ஆதாரம் இல்லை. என் நடத்தை பற்றிய ஆதாரம் இருக்கிறது: கேள்விக்கும் அடுத்த பேச்சுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு விநாடியே விட்டதாகப் பொறுப்பாசிரியை குறித்திருக்கிறார். மேரி பட் ரோ 1970களில் பல வகுப்பறைகளில் கண்டதும் இதே அளவுதான். மூன்று விநாடிகளோ அதற்கு மேலோ காத்திருந்தபோது விடைகள் நீண்டதையும், வழக்கமாகப் பேசாதவர்களும் பேசத் தொடங்கியதையும் அவர் பதிவுசெய்தார். இரண்டு படிகளில் சிந்திக்க வேண்டிய ஒரு காரணத்தை ஒரு விநாடிக்குள் யாரும் சொல்லிவிட முடியாது. எழுத்துப் பணியே அவளுக்கு அந்த நேரத்தை அளித்தது என்று கருதுகிறேன். ஒரே நிகழ்வை வைத்துச் சொல்வதால் இது இன்னும் சோதிக்கப்பட வேண்டிய விளக்கமே.

அடுத்த பாடத்தை இந்த முடிவுகளின்மேல் அமைக்கிறேன். 3/4, 5/6 ஆகியவற்றை மாணவர்கள் சம நீளப் பட்டைகளை மடித்துக் காட்டி, பின் வரைந்து, அதன் பிறகே குறியீடுகளால் எழுதுவார்கள். செயல்வழி, உருவவழி, குறியீட்டுவழி என்ற புரூனரின் வரிசையை இம்முறை நேரம் கருதிக் குறுக்கமாட்டேன். மடிப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தம் ஊகத்தை எழுதுவர். ஊகத்துக்கும் பட்டைக்கும் முரண்பாடு தோன்றும் இடமே, பியாஜே கூறும் சமநிலைக் குலைவு நிகழக்கூடிய இடம். அம்மாணவிக்கு விருப்பமிருந்தால் அவளது காரணத்தை வகுப்புக்கு விளக்கச் சொல்வேன். நான் எவ்வளவு நேரம் காத்திருக்கிறேன் என்பதையும், ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் பேசியவர் யார் என்பதையும் குறித்துத்தருமாறு பொறுப்பாசிரியையிடம் கேட்டிருக்கிறேன். பாட இறுதியில் 4/5, 7/8 ஆகியவற்றைக் காரணத்துடன் ஒப்பிடச் சொல்வேன். 4/5 பெரியது என்று எழுதும் ஏடுகளில் தலைகீழ் விதி எத்தனை பேரிடம் எஞ்சியிருக்கிறது என்பது தெரியும்.