வேலையில் சேரும் நாள் குறித்த இரண்டு நினைவூட்டல்கள்

ஜூலை 23

வணக்கம். பாயான் லெப்பாஸ் அலுவலகத்தில் ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை காலை 8.30 மணிக்குக் கணக்கு உதவியாளராகச் சேர்வதாக நியமனக் கடிதத்தில் நீங்கள் கையெழுத்திட்டிருந்தும், மருத்துவப் பரிசோதனை அறிக்கையும் வங்கிக் கணக்கு, ஊழியர் சேமநிதி, சொக்சோ விவரங்களும் இன்னும் வந்து சேரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

ஜூலை 29

வணக்கம். புலனத்தில் எழுதியும் இருமுறை அழைத்தும் பதில் இல்லாததால், நலமாக இருக்கிறீர்களா என்பதே முதல் கேள்வி. இப்போதைய நிறுவனம் சம்பளத்தை உயர்த்தித் தருவதாகச் சொல்லியிருந்தாலோ, பட்டர்வொர்த்திலிருந்து தினமும் பாலம் கடந்து வருவது சிரமமென்று தோன்றினாலோ, தயங்காமல் தெரிவியுங்கள். யாரும் தவறாக நினைக்கப் போவதில்லை. சேரும் நாளை இரண்டு வாரம் தள்ளிவைக்க மேலாளர் சம்மதித்துள்ளார். ஜூலை 31, மாலை 5 மணிக்குள் பதில் வராவிட்டால், நீங்கள் விலகிக்கொண்டதாகக் கருதி அடுத்தவரை அழைப்போம்.