பாடக் குறிப்பு 4: எந்தக் கணக்கைப் பற்று வைப்பது, எதை வரவு வைப்பது, ஏன்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வீட்டில் "வரவு செலவு" என்று பேசும்போது வரவு என்றால் கைக்கு வரும் பணம். கணக்குப்பதிவியலில் பணம் வந்தால் ரொக்கக் கணக்கைப் *பற்று* வைக்கிறோம். ஆண்டுதோறும் பாதி வகுப்பு தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். எனவே இந்தப் பாடம் முடியும்வரை வீட்டு அர்த்தத்தை மறந்துவிடுங்கள். பற்று என்பது கணக்கின் இடப்பக்கம், வரவு என்பது வலப்பக்கம். அவ்வளவுதான். இதில் நல்லதும் கெட்டதும் இல்லை.

அப்புறம், எந்தப் பக்கம் கூடுதல், எந்தப் பக்கம் குறைவு? அதை இந்தச் சமன்பாடு சொல்லும்:

சொத்துகள் = பொறுப்புகள் + முதல்

பொறுப்பு என்பது தொழில் பிறருக்குக் கொடுக்க வேண்டியது, முதல் என்பது உரிமையாளர் தொழிலில் போட்டது. சமக்குறிக்கு இடப்புறம் இருக்கும் சொத்து கூடினால் இடப்பக்கம், அதாவது பற்று. வலப்புறம் இருக்கும் பொறுப்பும் முதலும் கூடினால் வலப்பக்கம், அதாவது வரவு. குறைந்தால் எதிர்ப்பக்கம். இப்போது கும்பகோணத்தில் புதிதாகத் திறந்த ஒரு பாத்திரக்கடையின் ஏப்ரல் மாதக் கணக்கைப் பார்ப்போம். பதிவுகளில் க/கு என்றால் கணக்கு, ப என்றால் பற்று; உள்தள்ளி எழுதிய வரி வரவு.

ஏப்ரல் 1. உரிமையாளர் ரூ.2,00,000 ரொக்கத்துடன் தொழில் தொடங்கினார்.

ரொக்கக் க/கு ப 2,00,000
    முதல் க/கு 2,00,000

பணம் அவருடையதுதானே, ஏன் அவர் பெயரில் வரவு? கடை வேறு, அவர் வேறு என்று வைத்துத்தான் கணக்கு எழுதுகிறோம். கடையின் பார்வையில் ரொக்கம் என்ற சொத்து கூடியது: பற்று. அந்தப் பணத்தைக் கடை அவருக்குத் தர வேண்டியிருக்கிறது: முதல் கூடியது, வரவு.

ஏப்ரல் 2. கட்டட உரிமையாளருக்கு அட்வான்ஸ் ரூ.50,000, ஏப்ரல் மாத வாடகை ரூ.8,000 கொடுத்தார்.

வாடகை அட்வான்ஸ் க/கு ப 50,000
வாடகைக் க/கு ப 8,000
    ரொக்கக் க/கு 58,000

ஒரே ஆளிடம் ஒரே நாளில் கொடுத்த பணம்தான், ஆனால் இரண்டு பற்றுகளின் காரணமும் வேறு. அட்வான்ஸ் கடையைக் காலி செய்யும்போது திரும்பி வரும், அது சொத்து. அதனால் பற்று. வாடகை திரும்பி வராது. அது கடைக்காரரின் முதலைக் கரைக்கிறது. முதல் கூடினால் வரவு என்றோம், குறைந்தால் பற்று. செலவுகளை எல்லாம் பற்று வைப்பதற்குக் காரணம் இதுதான். "செலவைப் பற்று வை" என்று மனப்பாடம் செய்தவர்கள் தேர்வில் 58,000 முழுவதையும் வாடகைக் கணக்கில் எழுதிவிட்டு வருவார்கள்.

ஏப்ரல் 5. மொத்த வியாபாரியிடம் ரூ.60,000-க்குக் கடனில் சரக்கு வாங்கினார்.

கொள்முதல் க/கு ப 60,000
    மொத்த வியாபாரி க/கு 60,000

ரொக்கம் ஒரு பைசா நகரவில்லை. எனவே ரொக்கக் கணக்கு இந்தப் பதிவில் வராது. வாங்கிய சரக்குக்கான செலவு கூடியது, அதனால் கொள்முதல் கணக்கில் பற்று. கொடுக்க வேண்டிய கடன் கூடியது, அதனால் வியாபாரியின் கணக்கில் வரவு.

ஏப்ரல் 12. ஒரு திருமண மண்டபத்துக்கு ரூ.18,000-க்குக் கடனில் விற்றார்.

திருமண மண்டபம் க/கு ப 18,000
    விற்பனைக் க/கு 18,000

வர வேண்டிய பணமும் சொத்துதான். விற்பனை வருமானம் முதலைக் கூட்டுகிறது, அதனால் வரவு.

ஏப்ரல் 20. மகள் சீருக்காகக் கடையிலிருந்து ஒரு குத்துவிளக்கை எடுத்துக்கொண்டார். அடக்கவிலை ரூ.3,000, விற்பனை விலை ரூ.3,900.

எடுப்புகள் க/கு ப 3,000
    கொள்முதல் க/கு 3,000

இங்கே விற்பனைக் கணக்கை வரவு வைக்கத் தோன்றும். கூடாது. தன் கடையிலிருந்து தானே எடுத்ததில் யாரும் இலாபம் சம்பாதிப்பதில்லை. வாங்கிய சரக்கில் கொஞ்சம் வியாபாரத்தை விட்டு வெளியே போனது, அதனால் அடக்கவிலைக்குக் கொள்முதலைக் குறைக்கிறோம். உரிமையாளரின் முதல் அந்த அளவு குறைந்தது; எடுப்புகளில் பற்று.

ஏப்ரல் 25. ரூ.40,000-ஐ வங்கியில் செலுத்தினார்.

வங்கிக் க/கு ப 40,000
    ரொக்கக் க/கு 40,000

ஒரு சொத்து குறைந்து இன்னொரு சொத்து கூடியது. சமன்பாட்டின் வலப்புறம் அசையவே இல்லை.

"சார், எங்கள் ஏட்டில் வங்கியைப் பற்று வைத்தோம். செல்போனுக்கு வந்த செய்தியில் கணக்கில் 40,000 வரவு என்று இருக்கிறதே?" என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அந்தச் செய்தி வங்கியின் ஏட்டிலிருந்து வருகிறது. நாம் செலுத்திய பணம் வங்கி நமக்குத் திருப்பித் தர வேண்டிய கடன். அதன் பொறுப்பு கூடியது, அதனால் அவர்கள் ஏட்டில் நம் கணக்கில் வரவு. அதே பணம் நம் ஏட்டில் சொத்து, அதனால் பற்று.

வீட்டுப்பாடம்: ஏப்ரல் 28 அன்று திருமண மண்டபம் ரூ.2,000 மதிப்புள்ள பாத்திரங்களை ஓட்டை என்று திருப்பி அனுப்பியது. கடையின் ஏட்டிலும் மண்டபத்தின் ஏட்டிலும் குறிப்பேட்டுப் பதிவு தருக. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், எது கூடியது, எது குறைந்தது என்று ஒரு சொல்லாவது எழுதுங்கள். வெறும் பதிவுக்குப் பாதி மதிப்பெண்தான்.