காவடிப் படங்கள்: அச்சும் சட்டமும் விற்பனைக்கு

மொரிஷியஸின் கோர் தெ கார்ட் மலைக்கோயிலின் படிகளில் தைப்பூசக் காவடிகள் ஏறிய காலைப்பொழுதில் நான் எடுத்த பன்னிரண்டு படங்கள், இப்போது அச்சாகவும் சட்டமிட்டும் கிடைக்கின்றன.

ஒவ்வொரு படமும் சதுர மீட்டருக்கு 308 கிராம் எடையுள்ள, அமிலமற்ற, பளபளப்பில்லாத பருத்தித் தாளில் நிறமி மையால் அச்சிடப்படுகிறது. பளபளப்புத் தாளில் மஞ்சள் ஆடையும் மயிற்பீலியும் கண்ணைப் பறிக்கும். ஆனால் சன்னல் ஒளி பட்டால் படமே மறைந்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்தேன்.

ஏ4 அளவு 900 ரூபாய், ஏ3 அளவு 1,600 ரூபாய், ஏ2 அளவு 2,800 ரூபாய். தேக்குச் சட்டம் வேண்டுவோர் முறையே 1,100, 1,700, 2,600 ரூபாய் கூடுதலாகச் செலுத்த வேண்டும். தாளைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டர் வெள்ளை அட்டை வைப்பதால், ஏ3 படத்தின் சட்டம் ஏறத்தாழ 40க்கு 52 சென்டிமீட்டராக அமையும். சுவரை அளந்த பின் அளவைத் தேர்ந்தெடுங்கள். நம் தீவின் ஈரக்காற்றில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், இந்த அட்டையை நான் ஒருபோதும் விடுவதில்லை.

அச்சுக்கு ஐந்து நாள்களும் சட்டத்திற்கு இரண்டு வாரங்களும் தேவை. தீவுக்குள் வீட்டிற்கே கொண்டுவந்து தர 200 ரூபாய். ரோஸ் ஹில்லில் நேரில் பெறுவோருக்குக் கட்டணமில்லை. ரொட்ரீக்ஸுக்கும் ரெயூனியனுக்கும் சட்டமின்றி, கெட்டியான குழாயில் சுருட்டி அஞ்சலில் அனுப்புவேன். வழியில் சேதமானால், படமெடுத்து அனுப்புங்கள். வேறொன்று அச்சிட்டுத் தருவேன்.