செப உதவி: நம் அன்பியத்தில் ஒருவருக்காக

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

அன்பிய உறவுகளே, இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள்.

நம் அன்பியத்தைச் சேர்ந்த ஒருவர் நோயுற்று மருத்துவமனையில் இருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை காலை அவருக்கு அறுவை சிகிச்சை. நேற்று மாலை அவர் வீட்டில் இருந்து எனக்கு போன் செய்து, "அக்கா, குரூப்பில் சொல்லி எல்லாரையும் செபிக்கச் சொல்லுங்கள், ஆனால் பெயர் வேண்டாம்" என்றார்கள். இந்தச் செய்தியை அனுப்பும் முன் அவர்களிடம் வாசித்துக் காட்டி, சரி என்று அவர்கள் சொன்ன பிறகுதான் இங்கே போடுகிறேன். பெயர், தெரு, என்ன நோய், எந்த மருத்துவமனை, எதுவும் இதில் இருக்காது.

தயவு செய்து யாராக இருக்கும் என்று யோசிக்காதீர்கள். யார் வீடு பூட்டியிருக்கிறது, யார் ஞாயிறு பூசைக்கு வரவில்லை என்று கணக்குப் போட வேண்டாம். உங்களில் சிலருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். தெரிந்தவர்கள் பெயரை இங்கே எழுதிவிடாதீர்கள், "இப்போது எப்படி இருக்கிறார்?" என்றும் குரூப்பில் கேட்காதீர்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. என் வீட்டுக்காரர் படுத்திருந்தபோது பயத்தில் அவர் பெயர், வார்டு எண், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் நான்தான் ஒரு குரூப்பில் போட்டேன். அது எங்கெங்கோ போய்விட்டது. வெளியூரில் படித்துக்கொண்டிருந்த என் மகளுக்குப் பரீட்சை முடிந்த பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்று இருந்தோம். பரீட்சைக்கு முந்தைய இரவே யாரோ அவளுக்கு போன் செய்து அழுதிருக்கிறார்கள். அவரும் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு, கடைத்தெருவில் முன்பின் பேசாதவர்கள்கூட நிறுத்தி அந்த ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்டார்கள். எல்லாரும் அன்பாகத்தான் கேட்டார்கள். ஆனாலும் அவர் பல நாள் வெளியே போகவே கூசினார். அந்தச் சங்கடம் இந்த வீட்டாருக்கு வரக்கூடாது.

மாற்கு நற்செய்தி 2ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். நான்கு பேர் ஒரு முடக்குவாதக்காரரைத் தூக்கி வந்து, கூட்டத்தால் உள்ளே போக முடியாமல், கூரையைப் பிரித்து ஆண்டவர் முன் இறக்கினார்கள். அந்த நோயாளியின் பெயர் அங்கே எழுதப்படவில்லை. தூக்கி வந்தவர்களின் நம்பிக்கையை ஆண்டவர் பார்த்தார். நாமும் அப்படித்தான் இவரைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறோம்.

இன்று செவ்வாய், நாளை, வியாழன் என மூன்று நாளும் இரவு 8 மணிக்கு அவரவர் வீட்டில் குறைந்தது ஒரு பத்து மணி செபமாலையாவது சொல்லுவோம். இன்று துயர மறையுண்மைகள், நாளை மகிமை, வியாழன் ஒளி. நாம் முப்பது குடும்பம். வீட்டுக்கு ஒரு பத்து என்றாலும் ஓர் இரவில் ஆறு முழு செபமாலை ஆகிவிடும். மாதா பிரார்த்தனையில் "வியாதிக்காரருக்கு ஆரோக்கியமே" என்று வரும்போது கொஞ்சம் நிறுத்தி, மனதில் இவரை வைத்துச் சொல்லுங்கள். பங்குத்தந்தையிடமும் பேசிவிட்டேன். வெள்ளி காலைத் திருப்பலியில் "நம் பங்கில் நோயுற்றிருக்கும் ஒருவருக்காக" என்று மட்டும் கருத்து வாசிப்பார். இந்த வாரம் வில்லியனூர் லூர்து மாதாவிடம் போகிறவர்கள் அங்கேயும் வேண்டிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் பார்க்காத பாட்டி தாத்தாக்களிடம் வாயால் சொல்லுங்கள், இதில் இருக்கிற அளவுக்கு மட்டும். அவர்கள் செபம் நம் எல்லார் செபத்தையும்விடப் பெரியது.

இதை வேறு குரூப்புக்கு அனுப்ப வேண்டாம். பண உதவி எதுவும் கேட்கப்படவில்லை. இந்தச் செய்தியோடு ஜிபே எண் சேர்ந்து வந்தால் நம்பாதீர்கள், உடனே எனக்குச் சொல்லுங்கள். ரத்தமோ சாப்பாடோ தேவைப்பட்டால் வீட்டார் என்னிடம் சொல்வார்கள், நான் தனித்தனியாகக் கேட்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போவதும் இப்போது வேண்டாம் என்றே கேட்டிருக்கிறார்கள். ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று மனம் கேட்காதவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், அதை அப்படியே அவர்களிடம் சேர்த்துவிடுகிறேன்.

இங்கே "செபிக்கிறோம்" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். அந்த வீட்டாரும் இந்தக் குரூப்பைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரவில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்த வார்த்தையைப் பார்ப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை சிகிச்சை முடிந்து, வீட்டார் சொல்லலாம் என்றால் நானே இங்கே எழுதுகிறேன். என்னிடம் இருந்து செய்தி வரத் தாமதமானால் எதையும் தவறாக நினைக்காமல் தொடர்ந்து செபியுங்கள்.

இன்று இரவு 8 மணிக்கு ஆரம்பிப்போம்.

அன்புடன்,
உங்கள் அன்பியப் பொறுப்பாளர் அக்கா