தம்பிக்கு: ஹால் டிக்கெட் விதிகளும் சனிக்கிழமை வேலைகளும்

தம்பி, உன் ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் ஆங்கிலத்தில் இருப்பது இதுதான்:

1. காலை 8.30 மணிக்குள் தேர்வர் மையத்துக்கு வர வேண்டும். 9 மணிக்கு வாயில் மூடப்படும். அதன்பின் யாருக்கும் அனுமதி இல்லை.
2. ஹால் டிக்கெட்டின் அச்சுப் பிரதியும், புகைப்படம் உள்ள அசல் அடையாள அட்டையும் கட்டாயம்.
3. கைபேசி, ஸ்மார்ட் வாட்ச், கால்குலேட்டர், புளூடூத் கருவிகளுக்குத் தடை.
4. கறுப்பு பால்பாயிண்ட் பேனாவால் மட்டுமே விடைத்தாளின் வட்டங்களை நிரப்ப வேண்டும்.
5. கண்காணிப்பாளர் முன்னிலையில் மட்டுமே தேர்வர் கையொப்பமிட வேண்டும்.
6. தேர்வு முடியும்வரை அறையை விட்டு வெளியேறக் கூடாது.

ஐந்தாவதை இன்னொரு முறை படி. கட்டம் காலியாக இருக்கிறதே என்று வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிடாதே. இரண்டாவதில் ‘அசல்’ என்றால் ஜெராக்ஸும் போனில் இருக்கும் படமும் செல்லாது.

சரி, சனிக்கிழமை செய்ய வேண்டியவை:

☐ ஹால் டிக்கெட்டை இரண்டு பிரதி எடு. பெயர், பிறந்த தேதி அடையாள அட்டையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா பார். இதைக் காலையிலேயே செய். பிழை இருந்தால் உதவி எண்ணை அழைக்க நேரம் இருக்கும்.
☐ மையத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா. ஒரே பெயரில் இரண்டு வளாகங்கள் இருக்கலாம், முகவரியைப் பார்த்துப் போ.
☐ எழுதிப் பார்த்த இரண்டு கறுப்புப் பேனா, சாதாரண கைக்கடிகாரம். கடிகாரத்தை வாயிலில் தடுத்தால் வாதாடாமல் வெளியே வைத்துவிடு.
☐ மாலை 6 மணிக்கு மேல் புதுப் பாடம் எதையும் தொடாதே.
☐ இரண்டு அலாரம். 10 மணிக்குப் படுக்கை.

ஞாயிறு காலை 7.15க்கு வண்டியோடு வாசலில் நிற்பேன்.

அக்கா