ஒரே தூக்கு, இரண்டு பண்டிகை

தலைமையாசிரியருக்கும் ஆசிரியர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். வேறு வேறு மதத்தவர் ஒன்றாகப் பழகுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நம் கிருஷ்ணகிரியில் சையத் பாஷா மலைமேல் கோட்டையும் இருக்கிறது, தர்காவும் இருக்கிறது. சரி, மலையை விட்டு எங்கள் தெருவுக்கு வருகிறேன்.

பொங்கலன்று பானை பொங்கியதும், சாமிக்குப் படைக்கும் முன்பே பாட்டி ஒரு தூக்கில் தனியாக எடுத்து மூடி வைப்பார். "படைச்சதை பாய் வீட்ல சாப்பிட மாட்டாங்கடா. முன்னாடியே எடுத்துட்டா அவங்களுக்கும் சங்கடம் இல்ல" என்பார். ரம்ஜான் மாதத்தில் அதே தூக்கு நோன்புக் கஞ்சியோடு திரும்பி வரும். நாங்கள் சைவம் என்பதால் கறி போடாத கஞ்சி! கிறிஸ்துமஸுக்கு எதிர்வீட்டு டீச்சர் முட்டையில்லாத கேக் தருவார்.

இதனால் யாருடைய சாமியும் மாறிவிடவில்லை. போன வருடம் தாத்தா நள்ளிரவில் மயங்கி விழுந்தபோது ஆட்டோவை எடுத்தது பாய்தான். பழகாத வீடாக இருந்தால் அந்த நேரத்தில் கதவைத் தட்டவே தயங்கியிருப்போம்.

அப்புறம், போகிற இடத்தில் தொழுகையோ பூஜையோ நடந்தால் அமைதியாக ஓரமாக நில்லுங்கள். கும்பிட விருப்பமில்லாத நண்பனை வற்புறுத்தாதீர்கள். தெரியாததைக் கேளுங்கள். கஞ்சியில் ஏன் இவ்வளவு பூண்டு என்று கேட்டு, நான் அரைமணி நேரம் சமையல் பாடம் கேட்டேன்.

நன்றி.