ஆயரை நியமிப்பது யார்? போப்பாண்டவருக்கும் மன்னருக்கும் நடந்த பதவியளிப்புப் போராட்டம்

வினா: இடைக்கால ஐரோப்பாவில் ஆயர் நியமனம் தொடர்பாகப் போப்பாண்டவருக்கும் மன்னர்களுக்கும் ஏற்பட்ட மோதலை விளக்குக. (10 மதிப்பெண்)

விடை:

ஒருவர் ஆயராகப் பொறுப்பேற்கும்போது அவர் கையில் ஒரு மோதிரமும் மேய்ப்பரின் கோலும் கொடுப்பது வழக்கம். மோதிரம் திருச்சபையோடு அவருக்குள்ள பிணைப்பையும், கோல் மக்களை வழிநடத்தும் பொறுப்பையும் குறிக்கும். இவ்விரண்டையும் கொடுக்கும் உரிமை மன்னருக்கா, திருச்சபைக்கா என்பதே 11, 12ஆம் நூற்றாண்டுகளில் நடந்த பதவியளிப்புப் போராட்டம்.

ஒரு மோதிரத்துக்காகவா ஐம்பது ஆண்டுச் சண்டை என்று தோன்றலாம். சண்டைக்கு வேர் நிலம். அக்கால ஆயர் சமயத் தலைவர் மட்டுமல்லர், பெரும் நிலக்கிழாரும்கூட. வரி தண்டினார், வழக்குகளைத் தீர்த்தார், போருக்குப் படை அனுப்பினார். பிரபு இறந்தால் நிலம் அவர் மகனுக்குப் போகும். ஆயருக்கோ சட்டப்படி வாரிசு கிடையாது. அவர் இறந்ததும் அந்த இடத்தில் மன்னர் தமக்கு வேண்டியவரை அமர்த்திக்கொள்ளலாம். அதனால் முதலாம் ஒட்டோ காலம் முதல் ஜெர்மன் மன்னர்கள் பிரபுக்களைவிட ஆயர்களையே நம்பி ஆண்டார்கள். இந்த உரிமை போனால் ஆட்சியே ஆட்டம் கண்டுவிடும் என்ற நிலை.

திருச்சபையின் குறையிலும் நியாயம் இருந்தது. பதவிகள் பணத்துக்கு விற்கப்பட்டன. 1046இல் ஜெர்மன் மன்னர் மூன்றாம் ஹென்றி போப்பாண்டவர்களையே பதவியிறக்கித் தம் விருப்பப்படி வேறொருவரை அமர்த்தினார். அதன் பிறகு திருச்சபைச் சீர்திருத்தவாதிகளின் கை ஓங்கியது. போப்பாண்டவரைக் கர்தினால்களே தேர்ந்தெடுப்பார்கள் என்று 1059இல் விதி வந்தது.

1073இல் ஏழாம் கிரிகோரி போப்பாண்டவரானார். 1075இல் அவர் பதிவு செய்த 27 கூற்றுகளில், ஆயர்களை நீக்கும் அதிகாரம் போப்பாண்டவருக்கே உரியது என்பதும், பேரரசரையும் அவர் பதவியிறக்கலாம் என்பதும் அடங்கும். அதே ஆண்டு ஜெர்மன் மன்னர் நான்காம் ஹென்றி இத்தாலியின் மிலான் நகருக்குத் தம் ஆளைப் பேராயராக நியமித்தார். மோதல் வெடித்தது.

1076 ஜனவரியில் ஹென்றி வார்ம்ஸ் நகரில் ஜெர்மன் ஆயர்களைக் கூட்டி, கிரிகோரி போப்பாண்டவரே அல்ல, போலித் துறவி என்று கடிதம் எழுதினார். பிப்ரவரியில் கிரிகோரி அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். குடிமக்கள் அவருக்குச் செய்த விசுவாசப் பிரமாணத்திலிருந்தும் விடுவித்தார். இந்த இரண்டாவது அடிதான் பலமானது. ஏற்கெனவே மன்னர்மேல் மனக்கசப்பில் இருந்த பிரபுக்களுக்குக் கலகம் செய்ய நல்ல காரணம் கிடைத்துவிட்டது. ஓராண்டுக்குள் விலக்கு நீங்காவிட்டால் உம்மை மன்னராக ஏற்கமாட்டோம் என்றார்கள்.

ஹென்றிக்கு வேறு வழியில்லை. கடுங்குளிரில், மனைவியையும் சிறு மகனையும் அழைத்துக்கொண்டு ஆல்ப்ஸ் மலையைக் கடந்தார். கிரிகோரி அப்போது டஸ்கனியின் சீமாட்டி மட்டில்டாவின் கனோசாக் கோட்டையில் தங்கியிருந்தார். 1077 ஜனவரி இறுதியில், 26 வயது மன்னர் அரச உடையைக் களைந்து, கம்பளி அணிந்து, வெறுங்காலோடு கோட்டை வாசலில் மூன்று நாள் நின்றார். மனம் திருந்தி வந்து நிற்பவரை மன்னிக்காமல் விரட்ட ஒரு குருவால் எப்படி முடியும்? கிரிகோரி மன்னித்தார்.

இதைப் போப்பாண்டவரின் முழு வெற்றி என்று பலர் எழுதிவிடுகிறார்கள், அது சரியல்ல. அந்த மன்னிப்பால் ஹென்றியின் அரியணை தப்பியது. ஆனாலும் பிரபுக்கள் தங்களில் ஒருவரான ருடால்ஃபை எதிர் மன்னராக்கினார்கள். அவர் 1080இல் போரில் வலக்கையை இழந்து இறந்தார். அதே ஆண்டு கிரிகோரி மீண்டும் விதித்த விலக்கு முன்போல் பலிக்கவில்லை. 1084இல் ஹென்றி ரோமைக் கைப்பற்றி, தாம் அமர்த்திய எதிர்ப் போப்பாண்டவர் கையால் பேரரசராக முடிசூடினார். கிரிகோரியை மீட்க வந்த நார்மன் படை ரோமையே சூறையாடியது. அவர் 1085இல் சலெர்னோவில், ஊர் திரும்ப முடியாமலே இறந்தார்.

தீர்வுக்கு முதலில் வழி காட்டியது இங்கிலாந்து. அங்கே 1107இல் மன்னர் முதலாம் ஹென்றியும் பேராயர் அன்செல்மும் உடன்பட்டார்கள்: மன்னர் மோதிரமும் கோலும் கொடுப்பதைக் கைவிடுவார், ஆயர் தம் நிலங்களுக்காக மன்னருக்குப் பணிவுறுதி செய்வார்.

ஜெர்மனியில் 1122 செப்டம்பர் 23 அன்று நான்காம் ஹென்றியின் மகனான பேரரசர் ஐந்தாம் ஹென்றியும் போப்பாண்டவர் இரண்டாம் கலிக்ஸ்டசும் வார்ம்ஸ் உடன்படிக்கை செய்தார்கள். மோதிரமும் கோலும் கொடுப்பது திருச்சபைக்கு உரியது. ஆயர் திருச்சபை விதிப்படி தேர்ந்தெடுக்கப்படுவார். நிலத்தையும் ஆட்சி உரிமைகளையும் பேரரசர் செங்கோலால் தொட்டு வழங்குவார்.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. ஜெர்மனியில் தேர்தல் பேரரசர் முன்னிலையில் நடக்கும். ஆயராக்கும் சடங்கான திருநிலைப்பாட்டுக்கு முன்பே செங்கோல் வரும். ஆகவே அங்கே பிடிக்காதவரைத் தடுக்க அவருக்கு வாய்ப்பு இருந்தது. இத்தாலியிலும் பர்கண்டியிலும் முதலில் திருநிலைப்பாடு. ஆறு மாதத்துக்குள் செங்கோல். ஏற்கெனவே ஆயராகிவிட்டவருக்கு நிலத்தைக் கொடுப்பதைத் தவிர, அங்கே பேரரசருக்கு வேறு வேலை இல்லை.